ஓசிலோட்ரோஸ்டாட்டும் மிஃபெப்ரிஸ்டோனும்: கார்டிசோலைக் கட்டுப்படுத்தும்போது எந்த எண்ணை நம்புவது

ஒரு நோயாளிக்குக் காலை ரத்தக் கார்டிசோல் 11. இன்னொருவருக்கு 46. இரண்டுமே மைக்ரோகிராம்/டெசிலிட்டர் கணக்கு. இருவருக்கும் அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசோல் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோய், இருவரும் மருந்தில் இருக்கிறார்கள், இருவருக்கும் நான்கு நாளாகக் குமட்டல், எழுந்து நடக்க முடியாத சோர்வு. முதல் எண் சாதாரணம், இரண்டாவது மிக அதிகம் என்று ஆய்வகச் சீட்டு சொல்கிறது. உண்மையில் இருவருக்குமே உடலில் கார்டிசோலின் வேலை போதவில்லை. முதலாமவர் எடுப்பது ஓசிலோட்ரோஸ்டாட், இரண்டாமவர் எடுப்பது மிஃபெப்ரிஸ்டோன்.

இந்தச் சீட்டுகளைச் சரியாகப் படிப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. நோய் கண்டறிதல், அறுவை சிகிச்சை, மற்ற மருந்துகள் எதற்குள்ளும் போகப்போவதில்லை. அளவுகளைச் சொல்வது கண்காணிப்பின் கணக்கு புரிவதற்காக. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் எண்டோகிரைனாலஜிஸ்ட் கையில்தான் இருக்க வேண்டும். இவை தாமாகச் சரிசெய்துகொள்ளும் மாத்திரைகள் அல்ல.

முதலில், மருந்து எங்கே கை வைக்கிறது

அட்ரீனல் சுரப்பி கொலஸ்ட்ராலிலிருந்து படிப்படியாகக் கார்டிசோலைச் செய்கிறது. கடைசிப் படியில் 11-டிஆக்ஸிகார்டிசோல் என்ற பொருளைக் கார்டிசோலாக மாற்றுவது 11-பீட்டா ஹைட்ராக்ஸிலேஸ் என்ற நொதி. ஓசிலோட்ரோஸ்டாட் இந்த நொதியைத் தடுக்கிறது. கூடவே உடலில் உப்பைப் பிடித்து வைக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனைச் செய்யும் நொதியையும் தடுக்கிறது. குழாயின் கடைசி வாயை அடைத்தால் தண்ணீர் பின்னால் தேங்குமே, அதுபோல முந்தைய படிகளின் பொருட்கள் குவிகின்றன. ஒரு பக்கம் 11-டிஆக்ஸிகார்டிசோல், இன்னொரு பக்கம் 11-டிஆக்ஸிகார்டிகோஸ்டிரோன், மூன்றாவதாக ஆண் ஹார்மோன்கள். பின்னால் வரப்போகும் பெரும்பாலான சிக்கல்கள் இந்தத் தேக்கத்திலிருந்தே வருகின்றன. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிஃபெப்ரிஸ்டோன் உற்பத்தியைத் தொடுவதே இல்லை. செல்லுக்குள் கார்டிசோல் போய் உட்காரும் ஏற்பியில் தான் முந்திப் போய் உட்கார்ந்துகொள்கிறது. கார்டிசோல் ரத்தத்தில் ஏராளமாக இருக்கும், ஆனால் உட்கார இடம் கிடைக்காது. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலும் இதே ஏற்பி அடைபடுவதால் "கார்டிசோல் போதவில்லை" என்ற சமிக்ஞை போய், அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோனான ஏசிடிஎச் ஏறுகிறது, அதன் பின்னால் கார்டிசோலும் ஏறுகிறது. மருந்து வேலை செய்யும்போது எண் கூடுவதுதான் இங்கே இயல்பு.

ஓசிலோட்ரோஸ்டாட்: தொடங்கும் முன்

இரண்டு விஷயங்களை முடிக்காமல் முதல் மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. ஒன்று, ரத்தத்தில் பொட்டாசியமும் மக்னீசியமும். குறைவாக இருந்தால் முதலில் சரிசெய்ய வேண்டும். இரண்டு, ஈசிஜி. இந்த மருந்து, ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறைகள் மின்னளவில் தூண்டப்பட்டு மீள எடுக்கும் நேரமான க்யூடி இடைவெளியை நீட்டக்கூடியது. பொட்டாசியம் குறைந்த நேரத்தில் க்யூடி நீண்டால் ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு வரலாம். தொடங்கி ஒரு வாரத்துக்குள் ஈசிஜியை மறுபடி எடுப்பார்கள். க்யூடியை நீட்டும் வேறு மாத்திரை, உதாரணமாகச் சில ஆன்டிபயாட்டிக்குகளும் மனநல மருந்துகளும், நடுவில் சேர்ந்தால் அப்போதும் எடுக்க வேண்டும். அதனால் பல்வலிக்கு மருந்து வாங்கப் போனாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

வழக்கமான தொடக்கம் 2 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை. மாத்திரைகள் 1, 5, 10 மி.கி. அளவுகளில் வருகின்றன. ஆசிய வம்சாவளியினருக்கு மருந்தின் ரத்த அளவு கூடுதலாக இருப்பதால், ஐரோப்பிய வழிமுறையில் 1 மி.கி. இரண்டு வேளை என்று பாதியிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். ஈரல் பாதிப்பு மிதமாக இருந்தாலும் அதே பாதி. உச்ச வரம்பு 30 மி.கி. இரண்டு வேளை. ஆனால் பலருக்கு அதன் பக்கத்தில்கூடப் போக வேண்டியிருக்காது.

கூட்டும்போது ஒரு தடவைக்கு 1 அல்லது 2 மி.கி., அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். அவசரப்பட்டு ஏற்றுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு என்பது என் கருத்து. பல ஆண்டுகள் உயர் கார்டிசோலில் ஊறிய உடல் அது. ஒரே மாதத்தில் இயல்பு அளவுக்கு இறக்கினால் எண் அழகாக இருக்கும், ஆள் படுத்துவிடுவார்.

24 மணி நேர சிறுநீர்: சின்ன வேலை, பெரிய குழப்பம்

அளவைத் தீர்மானிக்க முக்கியமாகப் பார்ப்பது 24 மணி நேர சிறுநீரில் உள்ள கட்டற்ற கார்டிசோல். அளவு நிலைபெறும் வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

சேகரிக்கும் முறையில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். காலை 6 மணிக்கு எழுந்து போகும் முதல் சிறுநீரைக் கேனில் விடாதீர்கள், அதைக் கழிப்பறையிலேயே விடுங்கள். கணக்கு அந்த நிமிடம் தொடங்குகிறது. அதற்கப்புறம் பகலும் இரவும் போகும் ஒவ்வொரு துளியும் கேனுக்குள். மறுநாள் காலை 6 மணிக்குப் போகும் முதல் சிறுநீரும் கேனுக்குள், அத்தோடு முடிந்தது. இரண்டு காலைச் சிறுநீரையும் சேர்த்துவிட்டால் எண் கூடிவிடும். வெளியே போன இடத்தில் ஒரு தடவை தவறவிட்டால் குறைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கூடவே தசையிலிருந்து வரும் கழிவான கிரியேட்டினின் பார்க்கிறார்கள். ஒருவருக்கு ஒரு நாளில் வெளியேறும் கிரியேட்டினின் கிட்டத்தட்ட ஒரே அளவு. போன முறை 1.1 கிராம் இருந்தவருக்கு இந்த முறை 0.6 கிராம் என்றால் அரை நாள் சிறுநீர் எங்கோ போய்விட்டது என்று அர்த்தம். அந்த எண்ணை வைத்து மருந்தை மாற்றாதீர்கள், திரும்ப எடுங்கள்.

நிறையத் தண்ணீர் குடித்து நாளுக்கு ஐந்து லிட்டர் போனால் எண் பொய்யாகக் கூடும். சிறுநீரகம் பலவீனமானவருக்குப் பொய்யாகக் குறையும். எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரே ஆளுக்கு ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் எண் கணிசமாக மாறும். அதனால் ஒரே சேகரிப்பைப் பார்க்காமல் இரண்டு மூன்றின் சராசரியை எடுத்துக்கொள்வது நல்லது.

ஒருவரைத் தொடர்ந்து பார்ப்போம்

42 வயதுப் பெண். பிட்யூட்டரி அறுவை சிகிச்சை முடிந்தும் நோய் அடங்கவில்லை. அவர் போகும் ஆய்வகத்தில் சிறுநீர்க் கார்டிசோலின் மேல் வரம்பு நாளுக்கு 50 மைக்ரோகிராம். அவருக்கு 210. பொட்டாசியம் 3.4 இருந்ததை 4.2-க்குக் கொண்டுவந்த பிறகு 2 மி.கி. இரண்டு வேளை தொடங்குகிறார்கள்.

இரண்டாம் வாரம் 160. 3 மி.கி.யாகக் கூட்டுகிறார்கள். நான்காம் வாரம் 98, அதனால் 5 மி.கி. ஆறாம் வாரம் 54. வரம்பைத் தொட்டுவிட்டது. இங்கே நிறுத்தி நிதானிக்க வேண்டும், ஏனென்றால் இந்த அளவின் முழு விளைவு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கலாம். எட்டாம் வாரம் அவர் வந்து சொல்கிறார்: "டாக்டர், நாலு நாளா எதுவுமே சாப்பிட முடியல. வாந்தி வர்ற மாதிரியே இருக்கு. படுக்கையை விட்டு எழுந்தா தலை சுத்துது."

ரத்தம் எடுக்கிறார்கள். காலைக் கார்டிசோல் 11. "நார்மல்தானே, வயிற்றுப் பிரச்சினையாக இருக்கும்" என்று அனுப்பிவிடும் ஆபத்து இங்கேதான்.

அந்த 11 எங்கிருந்து வந்தது? பெரும்பாலான ஆய்வகங்கள் கார்டிசோலை இம்யூனோஅஸ்ஸே முறையில் அளக்கின்றன. கார்டிசோலின் வடிவத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒன்றை அதில் பயன்படுத்துகிறார்கள். 11-டிஆக்ஸிகார்டிசோலுக்கும் கார்டிசோலுக்கும் ஒரேயொரு ஹைட்ராக்ஸில் குழு மட்டுமே வித்தியாசம். சாதாரண ஆளின் ரத்தத்தில் அது மிகக் குறைவு என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. ஓசிலோட்ரோஸ்டாட் எடுப்பவரின் ரத்தத்தில் அது குவிந்து கிடக்கிறது. ஆன்டிபாடி அதையும் சேர்த்தே எண்ணிவிடுகிறது. அதே மாதிரியை, மூலக்கூறுகளை எடையால் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் போட்டபோது இந்தப் பெண்ணின் உண்மைக் கார்டிசோல் 3.

ஆகவே இந்த மருந்தில் இருப்பவருக்கு முடிந்தவரை ரத்தம், சிறுநீர், எச்சில் எதுவானாலும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் பார்ப்பதே சரி. அந்த வசதி இல்லையென்றால், ஒரே ஆய்வகத்தில் ஒரே முறையில் பார்த்து, எண்ணைவிட அறிகுறிக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும். இம்யூனோஅஸ்ஸேயில் குறைவாக வந்தால் உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், தயங்க வேண்டாம். சாதாரணம் என்று வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. அட்ரீனல் செயலிழந்தால் ரத்த அழுத்தம் விழும், பொட்டாசியம் ஏறும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். இந்தப் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் 138/88, பொட்டாசியம் 3.3. பாடப்புத்தகத்துக்கு நேர் எதிர். தேங்கிய 11-டிஆக்ஸிகார்டிகோஸ்டிரோன் உப்பைப் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும் தன்மை உடையது. கார்டிசோல் தரைமட்டமாக இருக்கும்போதே அது அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. அழுத்தம் நன்றாக இருக்கிறது, பொட்டாசியம் ஏறவில்லை, ஆகவே இது அட்ரீனல் பற்றாக்குறை இல்லை என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம்.

அவருக்குச் செய்தது இது. மருந்தை நிறுத்தினார்கள், கார்டிசோலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்டிசோன் கொடுத்தார்கள், பொட்டாசியம் ஏற்றினார்கள். இரண்டு நாளில் சாப்பிடத் தொடங்கினார். அறிகுறிகள் போன பிறகு குறைந்த அளவில், 2 மி.கி. இரண்டு வேளையாக, மறுபடி தொடங்கி, இந்த முறை மெதுவாக 3 மி.கி.யில் நிலைநிறுத்தினார்கள். ஹைட்ரோகார்டிசோன் எடுக்கும் நாட்களில் கார்டிசோல் பரிசோதனை அந்த மாத்திரையையும் சேர்த்தே காட்டும் என்பதை மறக்கக் கூடாது. மருந்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 4 மணி நேரம்தான். ஆனாலும் நிறுத்திய பிறகு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூடப் பற்றாக்குறை நீடித்ததாகப் பதிவுகள் உள்ளன. மருந்து வெளியேறிவிட்டது என்பதால் ஹைட்ரோகார்டிசோனைத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

இது அரிதான விபத்து என்று நினைக்க வேண்டாம். 137 பேர் பங்கேற்ற லின்க்-3 ஆய்வில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கார்டிசோல் குறைவு சம்பந்தமான தொல்லை வந்தது. அதே ஆய்வில் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 86 சதவீதம் பேருக்குக் கட்டுப்பாடு நீடித்தது, போலி மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 29 சதவீதம் பேருக்குத்தான் நீடித்தது. வலுவான மருந்து, அதனாலேயே எளிதில் இலக்கைத் தாண்டிவிடும்.

எண் உண்மையாகவே சாதாரணமாக இருந்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியிலும் 10, 12 என்று வந்து, அதே சோர்வும் உடல்வலியும் இருந்தால்? அது ஸ்டீராய்டு விலகல் நிலை. வழக்கமாகக் கிடைத்ததில் பாதி திடீரென்று நின்றதால் உடல் முரண்டு பிடிக்கிறது. மூட்டுவலி, தோல் உரிதல், மனச்சோர்வு எல்லாம் வரும். மருந்தின் அளவைச் சற்றுக் குறைத்து இன்னும் மெதுவாக இறக்கினால் பெரும்பாலும் அடங்கும். அறிகுறியை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. வாந்தி நிற்காமல் இருந்தால் எண்ணுக்குக் காத்திருக்காமல் பற்றாக்குறை என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சை தொடங்குவார்கள்.

பெண்களுக்கு முகப்பருவும் முடி வளர்ச்சியும் கூடலாம். தேங்கும் ஆண் ஹார்மோன்களின் வேலை அது. சில பேர் இதை நோய் திரும்பிவிட்டதாக நினைத்துப் பயந்து வருகிறார்கள். கார்டிசோல் கட்டுக்குள் இருந்தால் இது மருந்தால் வந்தது.

மிஃபெப்ரிஸ்டோன்: கார்டிசோல் சீட்டை ஓரமாக வையுங்கள்

அமெரிக்காவில் 2012-ல் இதற்குக் குஷிங் நோய்க்குறியில் அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியின் வரம்பைக் கவனியுங்கள்: அறுவை சிகிச்சை பலிக்காத அல்லது செய்ய முடியாத, நீரிழிவோ சர்க்கரைத் தாங்குதிறன் குறைவோ உள்ள பெரியவர்களுக்கு, உயர் சர்க்கரையைக் கட்டுப்படுத்த. கார்டிசோலைக் குறைக்க என்று அதில் இல்லை, குறைக்கவும் செய்யாது.

கர்ப்பத்தைக் கலைக்கும் மாத்திரையும் இதே பொருள்தான், புரோஜெஸ்டிரோன் ஏற்பியையும் இது அடைப்பதால். எனவே கர்ப்பமாகக்கூடிய பெண்ணுக்குத் தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். 14 நாளுக்கு மேல் இடைவெளி விட்டுத் திரும்பத் தொடங்கினாலும் கட்டாயம். கருத்தடை ஹார்மோன் இல்லாததாக இருக்க வேண்டும். நீண்ட நாள் எடுக்கும்போது கருப்பையின் உட்சவ்வு தடிக்கலாம், எதிர்பாராத ரத்தப்போக்கு வந்தால் ஸ்கேன் பார்க்க வேண்டும். சிம்வாஸ்டாடின், லோவாஸ்டாடின் எடுப்பவர்கள் இதனுடன் சேர்த்து எடுக்கவே கூடாது, ஈரலில் அவற்றை உடைக்கும் நொதியை இது தடுத்துவிடும். வேறு நோய்க்காக ஸ்டீராய்டு உயிர்காக்கும் மருந்தாகத் தேவைப்படுபவர்களுக்கும் இது கூடாது.

தொடக்கம் 300 மி.கி., நாளுக்கு ஒரு தடவை, உணவோடு. தேவைப்பட்டால் சில வார இடைவெளியில் 300 மி.கி.யாகக் கூட்டி 1200 மி.கி. வரை போகலாம். ஆனால் உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 50 கிலோ எடையுள்ளவருக்கு வரம்பு 1000 மி.கி., மாத்திரைக் கணக்கில் அது 900-தான்.

எதைப் பார்த்துக் கூட்டுவது? 58 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடை 92 கிலோ, இன்சுலின் நாளுக்கு 60 யூனிட், மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.6 சதவீதம். கண்காணிப்புக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: காலைச் சர்க்கரை, போட்ட இன்சுலின் யூனிட், ரத்த அழுத்தம், எடை. வாரம் ஒரு முறை ஒரு சின்னச் சோதனையும் எழுதுகிறார், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழ முடிகிறது என்று. குஷிங் நோயில் தொடைத் தசைதான் முதலில் கரையும், திரும்பும்போதும் அங்கேதான் தெரியும்.

முதல் வாரக் கடைசியிலேயே காலைச் சர்க்கரை 180-லிருந்து 130-க்கு வருகிறது. இப்போதே இன்சுலினைக் குறைக்க வேண்டும். மருந்து வேலை செய்யத் தொடங்கியும் பழைய யூனிட்டையே போட்டுத் தாழ்சர்க்கரையில் விழுவது இந்த மருந்தில் முதலில் வரும் விபத்து. மூன்று மாத சராசரிக்காகக் காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். நான்காம் வாரம் இன்சுலின் 42 யூனிட், மருந்து 600 மி.கி.

ஆறாம் வாரம் காலில் வீக்கம், எடை 3 கிலோ கூடுகிறது, அழுத்தம் 160/96, பொட்டாசியம் 2.9. ஏற்பி அடைபட்டதால் கார்டிசோல் உற்பத்தி ஏறியது என்றேனே, அந்த உபரிக் கார்டிசோலுக்கு மிஃபெப்ரிஸ்டோன் அடைக்காத கதவு ஒன்று உண்டு. அது சிறுநீரகத்தில் ஆல்டோஸ்டிரோனுக்கான ஏற்பி. சாதாரணமாக அங்கே ஒரு நொதி கார்டிசோலைச் செயலிழக்க வைத்துக் காவல் காக்கும், வெள்ளமாக வந்தால் அதனால் சமாளிக்க முடியாது. உப்பு தங்கும், பொட்டாசியம் போகும். இதற்கு நேரான மருந்து அந்த ஏற்பியை அடைக்கும் ஸ்பைரனோலாக்டோன், கூடவே பொட்டாசியம். அதனால்தான் தொடங்கியபோதும், ஒவ்வொரு முறை கூட்டியபோதும், ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்வது. இவருக்கு ஆறாம் வாரம்வரை விட்டது தாமதம்தான்.

பொட்டாசியம் 4.3-க்கு வந்து, வீக்கம் வடிந்து, 900 மி.கி.யில் இன்சுலின் 20 யூனிட்டாகக் குறைந்திருக்கும் நேரத்தில் அவருக்குக் குமட்டல், வாந்தி, காலைச் சர்க்கரை 58. அவசரப் பிரிவில் கார்டிசோல் பார்க்கிறார்கள், 46. "கார்டிசோல் இவ்வளவு அதிகமாக இருக்கிறது, பற்றாக்குறையாக இருக்க வாய்ப்பே இல்லை" என்று பணியில் இருப்பவர் சொன்னால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது, வேறு எந்த நோயாளிக்கும் அது சரியான பேச்சு. இவருக்கு அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அறிகுறியை மட்டும் வைத்து முடிவெடுத்து மருந்தை உடனே நிறுத்த வேண்டும்.

கொடுக்க வேண்டியதும் வேறு. வழக்கமான அளவு ஹைட்ரோகார்டிசோன் அடைபட்ட ஏற்பியோடு போட்டிபோட்டு ஜெயிக்காது, பொட்டாசியத்தைத்தான் இன்னும் இறக்கும். நாளுக்கு 2 முதல் 8 மி.கி. வரை டெக்ஸாமெத்தசோன் கொடுக்கிறார்கள். ஒரு நாள் கொடுத்து நிறுத்தவும் முடியாது. மிஃபெப்ரிஸ்டோனின் அரை ஆயுள் ஏறக்குறைய 85 மணி நேரம், அதாவது மூன்றரை நாளில் பாதிதான் வெளியேறும். முழுவதும் போக இரண்டு வாரத்துக்கு மேலாகும்.

இதே காரணத்தால் இவர் சட்டைப் பையில் ஒரு சீட்டு எப்போதும் இருக்க வேண்டும். மருந்தின் பெயர், தினசரி அளவு, கடைசியாக எடுத்த தேதி, "கார்டிசோல் பரிசோதனை பயன்படாது, டெக்ஸாமெத்தசோன் தேவைப்படும்" என்ற ஒரு வரி. மயக்கத்தில் வந்து சேருகிறவருக்காக அதைப் பேச வேறு யாரும் அங்கே இருக்க மாட்டார்கள்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று

பிட்யூட்டரிக் கட்டியால் வந்த நோயானால், இரண்டு மருந்தும் கட்டியைத் தொடுவதில்லை. கார்டிசோலின் பிடி தளர்ந்ததும் ஏசிடிஎச் ஏறும், அந்த ஏற்றம் மட்டுமே கட்டி வளர்ந்ததற்கான சாட்சி ஆகாது. அதைச் சொல்ல எம்ஆர்ஐதான் வேண்டும். தொடங்கும் முன் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய படத்தின் சிடியைத் தொலைத்துவிட்டு வருபவர்கள் நிறைய. அறிக்கைக் காகிதம் மட்டும் இருந்தால் 4 மில்லிமீட்டரா 5 மில்லிமீட்டரா என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நடுவில் தலைவலி கூடினாலோ பக்கவாட்டுப் பார்வை மங்கினாலோ அடுத்த எம்ஆர்ஐ தேதிவரை காத்திருக்காமல் அந்த வாரமே போய்ப் பாருங்கள்.